டியூட்டி மேனேஜர் ஆகப்போகிறீர்களா? முதலில் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஹோட்டல் வேலை என்றால் நேரங்காலம் கிடையாது என்பது சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தீபாவளியன்று வீட்டில் இருக்க முடியாது, சனி ஞாயிறுதான் கூட்டம், எஃப்1 பந்தய வாரத்தில் மரினா பே பக்கத்து ஹோட்டலில் லீவு கேட்டால் மேலேயும் கீழேயும் பார்ப்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருகிறார்கள். தெரியாமல் மாட்டுவது வேறோர் இடத்தில், அதுவும் நல்ல செய்தி வருகிற நாளில்: சூப்பர்வைசராக இருப்பவருக்கு டியூட்டி மேனேஜர் பதவி உயர்வுக் கடிதம் கையில் கிடைக்கும் நாளில்.

நான் முன் மேசையில் தொடங்கி இப்போது ஒரு ஹோட்டலின் அறைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ரோஸ்டர் போடுவதும் அந்தக் கடிதத்தை நீட்டுவதும் என் வேலையில் அடக்கம், அதனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் நான்காம் பகுதி என்று ஒன்று உண்டு. வாரத்துக்கு 44 மணிநேரம், அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், அதாவது ஓடி, ஒரு மாதத்தில் ஓடி 72 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி எல்லோருக்கும் பொருந்தாது. உடலுழைப்பு வேலை செய்பவர் என்றால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர்கள் என்றால் 2,600 வெள்ளி வரை. மேனேஜர், எக்சிகியூட்டிவ் வேலையில் இருப்பவர்களுக்கு அது கிடையவே கிடையாது. 2019 ஏப்ரலிலிருந்து அவர்களும் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உண்மைதான், ஆனால் இந்த நான்காம் பகுதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

முன் மேசைக்காரர் 'மற்றவர்கள்' கணக்கில் வருகிறார். ஆகவே பெயர்ப்பலகையில் மேனேஜர் என்று போட்டிருக்கிறதா, அந்த வேலை உண்மையிலேயே மேனேஜர் வேலைதானா என்றெல்லாம் வாதாடவே வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளம் 2,600ஐத் தாண்டிய அன்றே சட்டப்படியான ஓடி போய்விடும். அதற்குப் பிறகு ஓடி கிடைக்கிறதென்றால் அது ஹோட்டல் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததாலோ, தொழிற்சங்க உடன்பாட்டில் இருப்பதாலோதான்.

சென்ற ஆண்டு வேறொரு ஹோட்டலில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தங்கை போன் செய்தாள். "அண்ணா, எழுநூறு வெள்ளி கூட்டித் தர்றாங்க, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று கேட்டாள். அவள் அடையாளம் தெரியாதபடி தொகைகளைச் சற்று மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய அடிப்படைச் சம்பளம் 2,500 வெள்ளி. ஒரு மணிநேரச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். 13.11 வெள்ளி வருகிறது. ஓடி என்றால் 19.67. மாதம் சராசரியாக 30 மணிநேரம் ஓடி செய்கிறாள், ஆக ஓடியில் மட்டும் 590 வெள்ளி, மொத்தம் 3,090. புதிய கடிதத்தில் 3,200, ஓடி கிடையாது. அதாவது எழுநூறு என்று கண்ணில் தெரிவது கைக்கு வரும்போது நூற்றுப்பத்து. சரி, நூற்றுப்பத்தும் லாபம்தானே என்றாள். டியூட்டி மேனேஜர் ஆன பிறகு கூடுதல் நேரம் முப்பதில் நிற்காது, நான் பார்த்தவரை ஐம்பது சர்வசாதாரணம். மாதத்துக்கு ஏறக்குறைய 191 மணிநேரம் வழக்கமான வேலை. அதோடு 30 சேர்த்தால் பழைய பதவியில் மணிக்கு 14 வெள்ளி. 50 சேர்த்தால் புதிய பதவியில் 13.30. பதவி ஏறியிருக்கிறது, மணிக்கூலி இறங்கியிருக்கிறது.

அந்த ஐம்பது மணிநேரம் எங்கிருந்து வருகிறது என்பது ரோஸ்டரைப் பார்த்தால் தெரியாது. ரோஸ்டரில் மதிய ஷிப்ட் மூன்று மணியிலிருந்து இரவு பதினொன்றரை என்றுதான் இருக்கும். ஆனால் காலை ஷிப்ட்காரரிடமிருந்து பொறுப்பை வாங்க இரண்டரைக்கே வந்தாக வேண்டும். மூன்று மணிக்குச் செக்-இன், வரிசை லாபியைத் தாண்டி நிற்கும், ஹவுஸ்கீப்பிங் இன்னும் நாற்பது அறை கொடுக்கவில்லை. அன்றைக்கு ஓவர்புக் ஆகியிருந்தால் பத்து மணிக்கு மேல் வரும் விருந்தினர் ஒருவரை வேறு ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்த அறை வாடகை, டாக்சி, மறுநாள் அவரைத் திரும்ப அழைத்து வருவது எல்லாம் டியூட்டி மேனேஜர் தலையில். பிறகு லாக்புக் எழுதி, இரவு ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது பன்னிரண்டரை, கடைசி எம்ஆர்டி போயிருக்கும். டாக்சிக் காசு ஹோட்டல் தருகிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும், பலர் கேட்பதில்லை. ஆள் குறைவான வாரத்தில் மறுநாள் காலை ஏழு மணி ஷிப்டும் அதே ஆளுக்கு விழும், நடுவில் நாலு மணிநேரத் தூக்கம் மிஞ்சினால் பெரிது.

இதில் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு, வருகைப் பதிவு மிஷினில் பதினொன்றரைக்கு 'அவுட்' போட்டுவிட்டுத் திரும்ப வந்து வேலை பார்ப்பது. மேலிடத்தில் யாரும் வாய்விட்டுச் செய்யச் சொல்வதில்லை, அவுட் போடாதவரைத்தான் 'நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதவர்' என்று சொல்வார்கள். ஒரு ஹோட்டலில் இது நடக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் லாக்புக்கில் கடைசிக் குறிப்பு எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். மிஷின் பதினொன்றரை என்று சொல்லும், லாக்புக் பன்னிரண்டே கால் என்று சொல்லும்.

அப்படியானால் டியூட்டி மேனேஜர் பதவியே வேண்டாமா? அதைத் தாண்டாமல் ஜிஎம் என்கிற பொது மேலாளர் நாற்காலிக்கு முன் அலுவலகத்திலிருந்து வழி கிடையாது என்பதுதான் சிக்கல். டியூட்டி மேனேஜர், ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர், அறைப் பிரிவு இயக்குநர், ஹோட்டல் மேனேஜர், அப்புறம் ஜிஎம். பதினைந்து இருபது ஆண்டு பிடிக்கும் பயணம் இது. நான் பார்க்கச் சொல்வது, அந்தக் கூடுதல் மணிநேரங்களில் எவை உங்களை மேலே கொண்டுபோகின்றன, எவை ஆள் பற்றாக்குறையை அடைக்க மட்டும் பயன்படுகின்றன என்பதை.

எல்லோரும் தப்பிக்கப் பார்க்கும் இரவு ஷிப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு நைட் ஆடிட் ஓடும். அன்று கிளம்ப வேண்டியவர்கள் எல்லோரும் செக்-அவுட் ஆனார்களா, வராமல் போனவர்கள் யார், உணவகத்தில் மூடாத பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டினால், தங்கியிருக்கும் ஒவ்வொரு அறைக்கும் வாடகையும் வரியும் ஏறி, தேதி மறுநாளுக்கு மாறும். யாரோ 250 வெள்ளி அறையை 25 என்று தட்டியிருந்தால் ஓட்டுவதற்கு முன் விலை வேறுபாட்டு அறிக்கையில் அது கண்ணில் படும். பார்க்காமல் ஓட்டிவிட்டால் அதை ஒவ்வொரு பில்லாகத் திருத்த வேண்டும், காலையில் ஜிஎம் கைக்குப் போகும் அறிக்கையும் தப்பு.

அந்த அறிக்கையைத்தான் படிக்கப் பழக வேண்டும். 300 அறை ஹோட்டலில் 270 அறை சராசரி 250 வெள்ளிக்குப் போனால் வரவு 67,500. வேறொரு நாள் 240 அறைதான் போயிற்று, ஆனால் சராசரி 290, வரவு 69,600. முன் மேசையில் நிற்பவருக்கு முதல் நாள்தான் நல்ல நாள், கிட்டத்தட்ட ஹவுஸ்ஃபுல். ஜிஎம்முக்கு இரண்டாவது நாள், ஏனென்றால் பணமும் கூடுதல், சுத்தம் செய்ய வேண்டிய அறையும் முப்பது குறைவு. ஜிஎம் ஒவ்வொரு மாதமும் கட்டட உரிமையாளரிடம் பதில் சொல்வது இந்தக் கணக்குக்குத்தான், லாபியில் எத்தனை பேரிடம் சிரித்தார் என்பதற்கு அல்ல. அறை விலையைத் தீர்மானிக்கும் வருமான மேலாண்மை மேசையில் சில மாதம் உட்காராமல், பட்ஜெட் தயாரிக்கும் வேலையில் கை வைக்காமல், பத்து வருடம் லாபியிலேயே ஓடியவர்கள் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜரோடு நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதுவும் எங்களிலேயே நன்றாக வேலை செய்கிறவர்கள்.

சமையலறைப் பக்கம் கதை இன்னும் கடினம். அங்கே இரண்டாகப் பிரியும் ஷிப்ட் உண்டு: காலை பதினொன்றிலிருந்து மூன்று, மாலை ஆறிலிருந்து பத்து. சம்பளம் எட்டு மணிநேரத்துக்கு, நாள் போவது பதினொரு மணிநேரம். நடுவில் உள்ள மூன்று மணிநேரத்தில் ஊட்லண்ட்ஸ் போய்த் திரும்ப முடியாது, லாக்கர் அறையில்தான் படுத்திருப்பார்கள். அடிநிலைச் சமையல்காரரான காமியிலிருந்து ஷெஃப் டி பார்ட்டி, சூ ஷெஃப், எக்சிகியூட்டிவ் ஷெஃப் வரை ஏணி தெளிவாக இருக்கிறது. அங்கிருந்து ஜிஎம் ஆவது அரிது, ஏனென்றால் ஹோட்டலுக்கு ஒரு வெள்ளி அறை வருமானத்தில் மிஞ்சுவது ஒரு வெள்ளி சாப்பாட்டில் மிஞ்சுவதைவிட மிக அதிகம், ஆகவே முதலாளிகள் அறைப் பக்கத்து ஆளையே தேடுகிறார்கள். ஜிஎம் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருக்கும் சமையல்காரர் சூ ஷெஃப் நிலையிலேயே பேங்குவெட், உணவு பானப் பிரிவு நிர்வாகம் என்று வெளியே வரப் பார்க்க வேண்டும். எக்சிகியூட்டிவ் ஷெஃப் ஆன பிறகு அந்தச் சம்பளத்தை விட்டு இறங்கி வர யாருக்கும் மனம் வராது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது மூன்று விஷயம். அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிக் கேள். கூடுதல் நேரத்துக்கு ஈடாக விடுப்பு உண்டா, எத்தனை மாதத்துக்குள் எடுக்கலாம் என்று எழுத்தில் வாங்கு. வருமான மேலாண்மை மேசையில் எப்போது உட்கார வைப்பார்கள் என்று கேள். சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டா என்பதையும் விசாரிக்கச் சொன்னேன், விருந்தினரிடம் வாங்கும் அந்தப் பத்து விழுக்காட்டை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க இங்கே சட்டக் கட்டாயம் இல்லை. சம்பளத்தைக் கூட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஈடு விடுப்பை எழுதிக் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து வருமான மேசையில் வாரம் இரண்டு நாள் என்றும் ஒத்துக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள், நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

எழுத்தில் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நான்காம் பகுதிக்கு வெளியே இருப்பவருக்கு ஓடியும் ஈடு விடுப்பும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கேட்க முடியும். அப்படி இருந்தும் ஹோட்டல் தரவில்லையென்றால் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் சம்பளக் கோரிக்கை வைக்கலாம். வேலையில் இருக்கும்போது, பிரச்சினை நடந்த ஓராண்டுக்குள். வேலையை விட்டுவிட்டால், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். ரோஸ்டரின் படத்தையும் நீங்கள் உண்மையில் கிளம்பிய நேரத்தையும் மாதாமாதம் உங்கள் சொந்த போனில் வைத்துக்கொள்ளுங்கள், வேலையை விடும் நாளில் ஹோட்டல் கணினிக்குள் போக உங்களுக்கு வழி இருக்காது.