மாடுலோ: மீதி வேறு, மட்டு வேறு

நிரல் எழுதுபவர்கள் `%` குறியைப் பார்த்ததும் ‘மாடுலோ’ என்பார்கள். சிலர் சுருக்கமாக ‘மாட்’ என்பார்கள். தமிழில் கேட்டால் பெரும்பாலும் ‘மீதி’ என்ற பதில்தான் வரும். 17ஐ 5ஆல் வகுத்தால் மீதி 2, அதனால் `17 % 5` என்பது 2. இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், மாடுலோவும் மீதியும் வெவ்வேறு விடை தரத் தொடங்கும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டால் பல மணிநேரத் தேடல் மிச்சமாகும்.

முதலில் சொல்லின் ஊர். லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதன் சிறுமை வடிவம் ‘மோடுலுஸ்’, சிற்றளவு. அதன் வேற்றுமை உருபு ஏறிய வடிவம்தான் ‘மோடுலோ’: அந்த அளவைக் கொண்டு, அந்த அளவின்படி. ஜெர்மானியக் கணிதர் காஸ் 1801இல் லத்தீனில் வெளியிட்ட எண்கணித நூலில் இச்சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். இரண்டு எண்களின் வித்தியாசம் 24ஆல் மீதியின்றி வகுபட்டால், 24 என்ற அளவின்படி அவை இரண்டும் ஒன்றே என்பது அவர் கருத்து. அப்படிப் பார்த்தால் -1, 23, 47 மூன்றும் ஒரே குடும்பம்.

நம் பத்தாம் வகுப்புப் பாடநூல் இதை ‘மட்டு எண்கணிதம்’ என்கிறது. நல்ல தேர்வு. தமிழில் மட்டு என்றாலும் அளவு, எல்லைதான். ‘மட்டும்’, ‘மட்டுப்படுத்து’ எல்லாம் அதன் பிள்ளைகள். ஒலியும் ஒத்துப்போகிறது. (சங்கப் பாடல்களில் மட்டு என்றால் கள். அந்த மட்டை இங்கே இழுக்க வேண்டாம்.)

இனி இந்த வேறுபாடு எங்கே கடிக்கிறது என்று பார்ப்போம். நீலகிரியில் தலைகுந்தா பக்கம் ஒரு கேரட் தோட்டத்தில் தம்பி ஒருவர் உறைபனியைக் கவனிக்கச் சிறு கருவி வைத்திருக்கிறார். ஒரு ஆர்டுயினோ உனோ பலகை, ஒரு வெப்ப உணரி, அவ்வளவுதான். மணிக்கு ஒரு அளவீடு. நினைவகம் குறைவு என்பதால் கடைசி 24 அளவீடுகளை மட்டும் வட்டமாக வைத்துக்கொள்கிறது: 24 இடங்கள், நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். சர்க்குலர் பஃபர் என்பது இதுதான். கணித்தமிழில் வட்ட இடையகம். எந்த இடத்தில் எழுதுவது என்பதை `head` சொல்கிறது.

```c
#define N 24
int16_t temp[N];      // டிகிரியில் பத்தில் ஒரு பங்கு
uint8_t head = 0;     // அடுத்து எழுத வேண்டிய இடம்

temp[head] = reading;
head = (head + 1) % N;
```

முன்னோக்கிப் போகும்போது எல்லாம் சுகம். 22க்கு அப்புறம் 23, 23க்கு அப்புறம் 24 % 24, அதாவது 0. வட்டம் முடிந்து திரும்புகிறது.

தொல்லை பின்னோக்கிப் போகும்போது. வெப்பநிலை எத்தனை மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போனது என்று அறிய, கடைசி அளவீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் நடக்க வேண்டும். வசதிக்காக, நள்ளிரவு அளவீடு 0ஆவது இடத்தில், இரவு 11 மணி அளவீடு 23இல் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதிகாலை 2 மணி அளவீடு எழுதியாகிவிட்டது, `head` 3. ஒரு படி பின்னால் 2, அடுத்து 1, அடுத்து 0. நான்காம் படியில் 23 வர வேண்டும். `(head - 4) % N` என்று எழுதினால் என்ன வரும்?

சி மொழியில் -1 வரும். 1999ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து சியில் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டப்படும் என்பது உறுதி. -1ஐ 24ஆல் வகுத்தால் ஈவு 0, எஞ்சுவது -1. அந்தத் தரமே `%` தருவதை மீதி என்றுதான் குறிப்பிடுகிறது. மாடுலோ என்று பெயர் வைத்தது நாம். பைத்தானில் அதே `-1 % 24` என்பது 23. அங்கே ஈவு கீழ்நோக்கி இறங்கி -1 ஆகிறது, 24 × (-1) + 23. எக்செலின் `MOD(-1,24)` கூட 23தான். பைத்தானும் எக்செலும் தருவது மட்டு; சியும் ஜாவாஸ்கிரிப்டும் தருவது மீதி. ஆகவே சூத்திரத்தை எக்செலில் சரிபார்த்துவிட்டு சியில் அப்படியே தட்டச்சு செய்வது சரிபார்ப்பே ஆகாது. எந்த மொழியில் ஓடப்போகிறதோ அதில்தான் சோதிக்க வேண்டும்.

சி `temp[-1]` என்பதைப் பார்த்து முகம் சுளிக்காது. அணிக்கு முன்னால் நினைவகத்தில் எது கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கும். 3000 டிகிரி மாதிரி ஏதாவது வந்தால் உடனே தெரிந்துவிடும். அங்கே 0 கிடந்தால்தான் வம்பு. 0.0 டிகிரி என்பது மார்கழி இரவில் யாரும் நம்பக்கூடிய எண்.

தம்பியின் கருவியில் நடந்தது இதைவிடப் பூடகமானது. அவர் எழுதியிருந்த விதம் இது:

```c
uint8_t i = head;
i--;                  // ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை
show(temp[i % N]);
```

காலையில் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணா, நேத்து ராத்திரி பதினோரு மணிக்குப் பதினாறு டிகிரின்னு காட்டுது. நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டு நடுங்கிட்டு நின்னேன்!”

`uint8_t` வகைக்கு எதிர்ம எண் கிடையாது. 0இலிருந்து ஒன்று குறைத்தால் 255. 255ஐ 24ஆல் வகுத்தால் மீதி 15. பதினைந்தாவது இடம் என்பது பிற்பகல் 3 மணி; நல்ல வெயில் நேரத்து அளவீடு அது. திரையில் வந்த எண் உண்மையான எண்தான், நேரம்தான் பொய். அணியின் எல்லையைத் தாண்டவில்லை, அதனால் அணியின் எல்லையைக் கண்காணிக்கும் எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது.

ஏன் 15? 256க்குள் 24 பத்து முறை போய் 16 மிச்சம் நிற்கிறது. வகையின் வட்டம் 256, நம் வட்டம் 24. ஒன்று மற்றதில் சரியாகப் பொருந்தவில்லை. பஃபரின் அளவு 32 ஆக இருந்திருந்தால் 255 % 32 = 31, கச்சிதமான விடை. 8, 16, 64 எதுவானாலும் அப்படியே. மேசையில் 8 இடம் கொண்ட பஃபரை வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்று தோட்டத்தில் 24 இடத்தோடு மாட்டினால் இந்தப் பிழை அன்றிரவுதான் எழுந்து வரும். சோதனைக்கு எப்போதும் 2இன் அடுக்கு அல்லாத ஓர் எண்ணை எடுங்கள். 24, 7, எதுவானாலும் சரி.

இதே 15 வேறொரு வாசல் வழியாகவும் வரும். `N`ஐ 24 என்று எழுதாமல் `sizeof temp / sizeof temp[0]` என்று கணக்கிட்டால், அது குறியில்லா வகை. `int`இல் உள்ள -1 அதனோடு `%` போடும்போது தானும் குறியில்லா எண்ணாக மாறிவிடும். உனோவில் அது 65535, அதையும் 24ஆல் வகுத்தால் மீதி 15. எழுதியவர் கண்ணுக்கு இரண்டுமே சாதாரண எண்களாகத்தான் தெரியும்.

சரி, திருத்தம் என்ன? பின்னால் போகும் தூரம் `k` ஒரு சுற்றுக்கு மிகாது என்று உறுதியாக இருந்தால் `(head + N - k) % N` போதும். வகுக்கும் முன்பே ஒரு சுற்றைக் கூட்டிவிடுவதால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. `head` 3, `k` 4 என்றால் 23. `k` 24 என்றால் 3, அதாவது இருப்பதிலேயே பழைய அளவீடு. `k` 30 என்றால் மட்டும் 3 + 24 - 30 = -3, மறுபடி பழைய கதை. எந்த எண் வந்தாலும் தாங்க வேண்டுமென்றால் மட்டையே ஒரு செயற்கூறாக எழுதிவிடலாம்:

```c
int mattu(int a, int n) {
    int r = a % n;
    return r < 0 ? r + n : r;
}
```

`n` நேர்ம எண்ணாக இருக்க வேண்டும். அதை `int` என்று அறிவித்திருப்பதால் மேலே சொன்ன `sizeof` வாசலும் அடைபடுகிறது.

பலர் இதைச் சற்று மாற்றி, `a` எதிர்மமாக இருந்தால் `n + a % n` என்று எழுதுவார்கள். -1க்கு 23, -2க்கு 22, -23க்கு 1 எல்லாம் சரியாக வரும். -24க்கு? `-24 % 24` என்பது 0, அதோடு 24 கூட்டினால் 24. இடங்கள் 0 முதல் 23 வரைதான். `temp[24]` என்று ஒரு இடமே இல்லை. கூட்டலாமா என்பதை `a`வைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, மீதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் சோதனையில் -1 மட்டும் போதாது. ஒரு முழுச் சுற்றுக்கும் மேலே கீழிறங்க வேண்டும். எதிர்பார்க்கும் விடையையும் `%` வைத்துக் கணக்கிடக்கூடாது. அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்து கைகுலுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு படியாக நடந்து ஒப்பிடுவதே நம்பகமானது:

```c
int want = 0;
for (int a = 0; a >= -60; a--) {
    assert(mattu(a, 24) == want);
    want = (want == 0) ? 23 : want - 1;
}
```

-60 வரை போனால் இரண்டரைச் சுற்று. -1, -24, -25, -48 என்று தவறு நிகழக்கூடிய விளிம்புகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். இதே கண்ணியை +60 வரை ஏறுமுகமாகவும் ஒருமுறை ஓட்டிவிட்டால் மட்டைப் பற்றிக் கவலையில்லை.

ஆனால் மட்டு சொல்வது இட எண்ணை மட்டும்தான். `mattu(3 - 30, 24)` என்பது 21. முறையான இட எண், அணிக்குள்தான் இருக்கிறது. அங்கே இருப்பதோ முப்பதாம் படி பின்னால் உள்ள அளவீடு அல்ல, ஆறாம் படியில் உள்ளது. பழையது எப்போதோ அழிந்துவிட்டது. கருவியை மாட்டி ஐந்து மணி நேரமே ஆகியிருந்தால் பத்து மணி நேரத்துக்கு முந்தைய இடத்தில் வெறும் 0தான் இருக்கும், அதுவும் திரையில் உறைபனி என்றே வரும். இதை எந்த வகுத்தலும் தீர்க்காது. இதுவரை எழுதிய அளவீடுகளின் எண்ணிக்கையை `count` என்று தனியாக, 24க்கு மேல் ஏறாதபடி வைத்துக்கொண்டு, `k` ஒன்றுக்குக் குறைந்தாலோ `count`ஐத் தாண்டினாலோ ‘அளவீடு இல்லை’ என்று காட்டிவிட வேண்டும்.