அந்தத் தாளை மகன் நிரப்பக் கூடாது

"கேன்சர்னு சொன்னா கவலை வரத்தானே செய்யும், அதுக்கு எதுக்கு ஒரு ஃபாரம்?" வீட்டார் இப்படிக் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குள் இருப்பவர்களும் கேட்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. காய்ச்சல் வருவதும் இயல்புதான், அதற்காகத் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டோமா? கவலை வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு, எதனால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் சிகிச்சைக்கு வருவதையும் கெடுக்கிறதா என்பதே கேள்வி. நோய் தெரிந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். "கொஞ்ச நாள்ல பழகிடும்" என்று நாம் தள்ளிப்போடுவதும் அதே வாரங்களைத்தான்.

புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படும் மனத்துயர் வெப்பமானி ஒரே தாள். 0 முதல் 10 வரை ஒரு தண்டு. இன்றும் சேர்த்து, கடந்த ஒரு வாரத்தில் மனத்துயர் எவ்வளவு என்று நோயாளியே குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

ஒரு மாதிரி நேர்வு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் 50 வயதுப் பெண், மார்பகப் புற்றுநோய், பயாப்சி முடிவு வந்து 16 நாள். சேலத்தில் ஓ.பி.யில் தாளை வாங்கிய மகன் 2 என்று குறித்துத் தருகிறார். "அம்மாவுக்கு வெறும் கட்டின்னுதான் சொல்லியிருக்கோம், கேக்காதீங்க" என்கிறார். அந்த 2 மகனுடைய ஆசை. அதை மார்க்காக எழுதாதீர்கள். மகனை மருந்துச் சீட்டோடு ஃபார்மசிக்கு அனுப்பிவிட்டு, தாளை அம்மா முன்னால் வையுங்கள். "மனசு பாரம் எந்த இடத்துல இருக்கு, விரல் வச்சுக் காட்டுங்கம்மா" என்றால் போதும், எழுத்து தெரிய வேண்டியதில்லை. விரல் 7-இல் நிற்கிறது.

உடனே மனநல மருத்துவரிடம் தள்ளிவிடாதீர்கள். அதே தாளில் பிரச்சினைப் பட்டியலும் இருக்கிறது. பஸ் செலவும் போன கூலியும் மட்டும்தான் அந்த 7 என்றால் முதலில் பார்க்க வேண்டியவர் சமூகப் பணியாளர், முதலில் தேட வேண்டியது காப்பீட்டு அட்டை. இவர் பணத்தோடு தூக்கத்தையும் சோகத்தையும் சேர்த்துச் சொல்கிறார். எனவே பி.எச்.க்யூ-9, அதாவது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. இது கடந்த இரண்டு வாரத்தைக் கேட்பது. பயாப்சி முடிவு சொன்ன அன்றே இதைக் கொடுத்தால், நோய் தெரியாத நாட்களைத்தான் அளப்பீர்கள்.

இவருடைய விடைகள்: நாட்டமின்மை 2, சோர்ந்த மனம் 2, தூக்கம் 3, அசதி 3, பசி 2, குற்றவுணர்வு 2, கவனம் 1, அசைவில் மாற்றம் 0, சாவு பற்றிய நினைப்பு 1. மொத்தம் 16. இதில் தூக்கம், அசதி, பசி மூன்றும் சேர்ந்தே 8. இவை நோயாலும் வரலாம், இரத்தசோகையாலும் தைராய்டாலும் வரலாம். அதற்கான பரிசோதனையை எழுதுங்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் கழித்துவிடாதீர்கள். முதல் இரண்டு கேள்விகள் மட்டுமே 4. அங்கே 3 வந்தாலே மனச்சோர்வைத் தேட வேண்டும்.

ஒன்பது கேள்விகளின் மொத்தம் 8-க்குக் கீழே என்றால் உங்கள் பிரிவிலேயே பேசி, சிகிச்சை தொடங்கும்போது மறுபடி அளந்தால் போதும். 8 முதல் 14 வரை உளவியலாளர். 15-ம் அதற்கு மேலும் மனநல மருத்துவர். ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்தாலும் மொத்தத்தைப் பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே பேச வேண்டும்.

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு நேராக 'ஆமாம்' வராது. "பிள்ளைகளுக்கு நான் எதுக்குப் பாரமா..." என்று வரும். அதை ஆறுதல் சொல்லி மூடிவிடாமல் கேளுங்கள்: "செத்துப்போயிட்டா தேவலைன்னு தோணுதாம்மா? ஏதாவது செஞ்சுக்கணும்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஏற்கெனவே இருப்பதை இறக்கிவைக்க ஒரு ஆள் கிடைக்கும், அவ்வளவுதான். 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போகும்போது பூச்சிமருந்து அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லுங்கள். இரவு நேரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

பரிந்துரைச் சீட்டில் 'பேஷன்ட் டல்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணை எழுதுங்கள், ஒன்பதாவது விடையைத் தனியாக எழுதுங்கள், மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் மாத்திரை கொடுக்கப்போகிறீர்களா என்பதையும் எழுதுங்கள். மனச்சோர்வுக்கான பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் மருந்துகள் இரண்டும் டாமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைக்கும். அது தெரிந்தால் மனநல மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். அடுத்தடுத்த சந்திப்புகளைக் கீமோ நாளிலேயே வையுங்கள். தனியாக ஒரு நாள் கொடுத்தால், கூலியை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர அவரால் முடியாது. வராதவரைக் 'கோ-ஆபரேட் பண்ணல' என்றும் எழுதிவிடுவீர்கள்.