பி.ஓ. வரும் முன்னே ஓலைக்குச் சாயம் போடாதீர்கள்

தீபாவளிக்கு ஸ்வீட் வைத்துக் கொடுக்கும் பனையோலைப் பெட்டிக்கு ஆடி, ஆவணியிலேயே ஆர்டர் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சாயல்குடி பக்கம் பெட்டி முடையும் ஒரு சிறிய யூனிட்டுக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வருகிறது. 3,000 பெட்டி, இரண்டு நிறம், மூடியில் அவர்கள் லோகோ, அக்டோபர் 10-க்குள் குடோனில் இறங்க வேண்டும். சாம்பிள் பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. பி.ஓ. எனப்படும் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது கம்பெனி எழுத்தில் தரும் கொள்முதல் ஆணை மட்டும்தான் பாக்கி. "பி.ஓ. ரெண்டு நாள்ல வந்துடும், நீங்க வேலையை ஆரம்பிங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இந்த ஒரு வரியை நம்பி ஓலையைச் சாயத்தில் முக்கிவிட்டுப் பிறகு அல்லாடுகிறவர்கள் இந்தக் கரையோரத்தில் கணிசம்.

வாட்ஸ்அப் ஒப்புதல் சட்டப்படி செல்லாது என்று அர்த்தமில்லை. மின்னஞ்சலிலும் மெசேஜிலும் ஒப்பந்தம் உருவாகலாம். சிக்கல் கோர்ட்டில் அல்ல, அந்தக் கம்பெனியின் கேட்டில். பெரிய கம்பெனிகளில் லாரி உள்ளே நுழையவே பி.ஓ. எண் கேட்பார்கள். ஸ்டோர்ஸில் சரக்கு வரவு வைப்பது அந்த எண்ணின் கீழ்தான். அக்கவுண்ட்ஸில் பி.ஓ., ஸ்டோர்ஸ் வரவு, உங்கள் பில் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்த பிறகுதான் பணம் வரும். முதல் காகிதம் இல்லையென்றால் மற்ற இரண்டும் அந்தரத்தில் நிற்கும். உங்களிடம் பேசியவர் மார்க்கெட்டிங்கில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்டில் நிற்பவருக்கு அது தெரியாது.

'பி.ஓ. வரவில்லை' என்பது ஒரே நோய் அல்ல, அதற்குள் நான்கு உண்டு. எது என்று தெரியாமல் தினமும் போன் போட்டு "சார், பி.ஓ. என்னாச்சு?" என்று கேட்டால் "ப்ராசஸ்ல இருக்கு" என்ற பதிலைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

முதலில் உங்கள் பக்கம் பாருங்கள். பி.ஓ.வைக் கம்ப்யூட்டரே அனுப்பும்போது, வெண்டர் பதிவில் இருக்கும் மெயில் முகவரிக்குத்தான் போகும். மூன்று வருஷம் முன்பு பதிவு செய்த யாரோ ஒருவரின் முகவரியாக அது இருக்கலாம். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். சில கம்பெனிகள் மெயிலே அனுப்பாது, வெண்டர் போர்ட்டலில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

அங்கெல்லாம் இல்லையென்றால் பர்ச்சேஸ் பிரிவிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இண்டென்ட் போட்டாச்சா, அதன் எண் என்ன?" என்பது. இண்டென்ட் என்பது, பொருள் வேண்டும் என்று கேட்கும் பிரிவு பர்ச்சேஸுக்கு எழுதும் உள்கோரிக்கை, சிலர் பி.ஆர். என்பார்கள். எண் சொல்ல முடியவில்லையென்றால் இன்னும் யாரும் எதையும் எழுதவில்லை. வேலையை ஆரம்பிக்கச் சொன்னவரின் மேஜையிலேயே அது தூங்குகிறது. பர்ச்சேஸை விரட்டிப் பயனில்லை, அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

எண் இருக்கிறது, பி.ஓ. இல்லை என்றால் அடுத்த சந்தேகம் வெண்டர் கோட். புதிய சப்ளையரைப் பதிவு செய்யாமல் கம்ப்யூட்டரில் பி.ஓ. போட முடியாது. ஜி.எஸ்.டி. சான்று, பான், கேன்சல் செய்த செக், உத்யம் சான்று ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பான் கார்டில் ஒரு பெயரும், பாங்குக் கணக்கில் இன்னொரு பெயரும் இருந்தால் ஃபைல் அப்படியே நின்றுவிடும். நின்றதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். மகளிர் குழுவின் பெயரில் ஆர்டர் பேசிவிட்டுத் தலைவியின் சொந்தக் கணக்கு செக்கைக் கொடுத்தால் நடப்பது இதுதான். கோட் இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது அப்ரூவல். "யாருடைய ஒப்புதலுக்காக நிற்கிறது, அவர் என்றைக்கு ஆபீசில் இருப்பார்?" என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் மார்க்கெட்டிங்காரரே போய் கையெழுத்து வாங்கி வருவார்.

இப்போது நாள் கணக்கு. இருபது பேர் முடைகிறார்கள், ஆளுக்கு நாளைக்கு ஆறு பெட்டி என்று வைத்தால் 120. 3,000 பெட்டிக்கு 25 வேலை நாள், ஞாயிறு சேர்த்தால் ஏறக்குறைய 30. ஓலை வார்ந்து, சாயம் காய்ச்சி, நிழலில் உலர்த்த 6 நாள். பேக்கிங்குக்கும் லாரிக்கும் 4. ஆக 40 நாள். அக்டோபர் 10-லிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 31 அன்று பி.ஓ. கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆள் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஓரளவுக்குத்தான் சரி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடல் காற்றின் ஈரத்தில் ஓலை உலராது. அரைகுறையாக உலர்ந்ததை முடைந்து பிளாஸ்டிக் உறையில் போட்டால் சென்னை போய்ச் சேர்வதற்குள் பூசணம் பூத்துவிடும்.

அதனால் கொட்டேஷனில் டெலிவரி தேதியாக அக்டோபர் 10 என்று எழுதாதீர்கள். "பி.ஓ. கிடைத்த நாளிலிருந்து 40 நாள்" என்று எழுதுங்கள். நினைவூட்டும் மெயிலும் அந்த வரியின் மேலேயே நிற்கட்டும். இப்படி:

"எங்கள் கொட்டேஷன் எண் 27-க்கான பி.ஓ. இன்னும் வந்து சேரவில்லை. ஆகஸ்ட் 31-க்குள் கிடைத்தால் அக்டோபர் 10 அன்று சரக்கு உங்கள் குடோனில் இருக்கும். செப்டம்பர் 9 அன்று கிடைத்தால் அக்டோபர் 19 ஆகும். இண்டென்ட் எண்ணும், ஒப்புதல் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. தாமதம் யார் கணக்கில் ஏறுகிறது என்பது மட்டும் எழுத்தில் இருக்கிறது. பர்ச்சேஸுக்கும், பேசிய மார்க்கெட்டிங்காரருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

காத்திருக்கும் நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். குருத்தோலை வாங்கி, உலர்த்தி, வார்ந்து வைக்கலாம். சாயம் ஏறாத ஓலை இந்த ஆர்டர் போனால் வேறொன்றுக்கு ஆகும். அவர்கள் சொன்ன நிறத்தில் சாயம் ஏற்றுவது, அவர்கள் கேட்ட அளவில் அடி முடைவது, லோகோ அச்சடிப்பது இவை மூன்றும் திரும்பி வராத செலவு. லோகோ போட்ட மூடியைச் சந்தையில் பாதி விலைக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். இந்த எல்லையைத் தாண்டச் சொன்னால், சாயத்துக்கும் அச்சுக்குமான தொகையை முன்பணமாகக் கேளுங்கள்; கொடுக்கத் தயங்கினால் பி.ஓ.வின் நிலைமை அதிலேயே புரிந்துவிடும்.

உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ள முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. ஆனால் அந்த நாள்கள் சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் ஓடும். பி.ஓ. இல்லாமல் போன சரக்கு ஸ்டோர்ஸ் வரவிலேயே ஏறாது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதே தகராறு ஆகும்.

பி.ஓ. வந்ததும் சாயத்துக்கு அடுப்பு மூட்டிவிடாதீர்கள். கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்து எண்ணிக்கை, விலை, பெட்டி அளவு, லாரி வாடகை யாருடையது, பணம் எத்தனை நாளில் என்று வரிவரியாகப் பாருங்கள். பெட்டியும் மூடியும் சேர்ந்து ஒரு செட் என்று நீங்கள் சொன்னது 'எண்ணிக்கை 3,000' என்று வந்திருந்தால், 1,500 செட் என்று ஸ்டோர்ஸ்காரர் வாதிட இடம் கிடைக்கும். டெலிவரி தேதியையும் பாருங்கள், பி.ஓ. செப்டம்பர் 9-ல் வந்திருந்தாலும் உள்ளே பழைய அக்டோபர் 10 அப்படியே இருக்கும். அதை வாயால் பேசித் தீர்க்காமல், 'அமெண்ட்மெண்ட்' என்று திருத்திய பி.ஓ. கேட்டு வாங்குங்கள். அது வரும் வரை ஓலை வெள்ளையாகவே இருக்கட்டும்.