முதல் கிட்டார்: கம்பியின் உயரத்தை அளந்து பார்த்து வாங்குங்கள்

கற்கத் தொடங்கிய சில வாரங்களுக்கு விரல்நுனி வலிப்பது இயல்பு. தோல் காய்த்ததும் அந்த வலி போய்விடும். என்னிடம் பழுதுபார்க்க வரும் மலிவான கிட்டார்கள் பலவற்றில் சிக்கல் வேறு: கம்பிகள், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைவிட்டு மிக உயரத்தில் நிற்கின்றன. எத்தனை மாதம் பழகினாலும் அதில் விரல் பழகாது.

மகளுக்காக இணையத்தில் வாங்கிய கிட்டார் ஒன்றை ஒரு தாய் கொண்டுவந்தார். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். தடித்த ஆறாம் கம்பிக்குக் கீழே 4 மி.மீ. இடைவெளி இருந்தது. அங்கே ஏறக்குறைய 2.5 மி.மீ.யும், மெல்லிய முதல் கம்பிக்குக் கீழே 2 மி.மீ.யும் இருந்தால் போதும். 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்கே 1 மி.மீ. இறங்க, உடலின் மேல் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் அவற்றைத் தாங்கும் வெள்ளைச் சாடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். இந்தக் கிட்டாருக்கு 3 மி.மீ. தேய்க்க வேண்டியிருந்தது. பிரிட்ஜுக்கு மேலே சாடில் தெரிந்ததே அவ்வளவுதான்! பாதி தேய்த்து, 010 அளவுள்ள மெல்லிய கம்பிகளை மாட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் இலகுவானதே தவிர, முழுதாகச் சரியாகவில்லை. கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே கடையில் இரண்டையும் பாருங்கள்: 12ஆம் ஃப்ரெட்டின் இடைவெளி, சாடிலில் மிச்சமுள்ள உயரம். இடைவெளி அதிகமாக இருந்தாலும் சாடில் நன்றாக எழும்பி நின்றால் பிற்பாடு இறக்கிக்கொள்ளலாம். "கழுத்துக்குள் இருக்கும் ராடைத் திருகினால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த ராட் கழுத்தின் வளைவைச் சீராக்கத்தான்.

கிட்டார் உடலின் அளவைப் பொறுத்தவரை, உட்கார்ந்து வலது தொடையில் வைத்துப் பாருங்கள். கையை மேலே போட்டதும் வலது தோள் தூக்கினால் அந்த உடல் உங்களுக்குப் பெரிது. அகன்ற ட்ரெட்நாட் வடிவம் பதின்வயதினருக்கும் சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது. அவர்களுக்கு அதைவிடச் சிறிய கான்சர்ட் வடிவம் வசதியாக இருக்கும். 38 அங்குலம் என்று எழுதியிருப்பது மொத்த நீளம் மட்டுமே, உடலின் தடிமன் அதில் தெரியாது.

பிராண்டில், ட்ரெட்நாட் வசதியாக இருப்பவர்களுக்கு யமஹா எஃப்310-ஐ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்கள் கோர்ட் ஏடி810-ஐயும் பார்க்கலாம். இன்னும் சற்றுச் செலவழிக்க முடிந்தால் யமஹா எஃப்எஸ்800 சிறிய உடலோடு, ஒட்டுப்பலகை அல்லாத ஸ்ப்ரூஸ் மர முகப்போடு வருகிறது. கிவ்சன், கேடன்ஸ், ஜுவாரெஸ் போன்றவை கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. எந்தப் பிராண்டானாலும் ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்து அளந்து, நல்லதைப் பொறுக்குங்கள். இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றே ஸ்கேலை எடுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்த பிறகு அளந்து பயனில்லை.