நோன்பு வாழ்த்துக்கு அடுத்த வரி

காரைக்குடியில் ஆலோசனை அறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த முப்பது வயதுக்காரர்கள். வேலையில் குறையில்லை, சாப்பாட்டில் குறையில்லை, ஆனால் பேச ஆளில்லை. யாரையும் பிடிக்காமல் இல்லை, முதல் பேச்சுக்கு ஒரு காரணம் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருவண்ணாமலைக்காரர், வங்கி ஊழியர், ஒரு பெரிய வீட்டின் முன்பகுதியில் வாடகைக்கு இருந்தார். காலை நடையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு செட்டியார் பழக்கமானார். தினமும் "என்ன தம்பி", "வணக்கம் ஐயா", அதோடு சரி. ஒரு நாள் தண்ணீர் மோட்டார் பழுதானபோது அவரிடம் மெக்கானிக் எண் கேட்டதில் வாட்ஸ்அப் தொடர்பு வந்துவிட்டது. தீபாவளிக்கு இவர் விளக்குப் படம் போட்ட வாழ்த்து ஒன்றை அனுப்பினார். பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது. "அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை சார், மறுநாள் நடைக்கே போகவில்லை" என்றார் என்னிடம்.

பிடிக்காமல் இல்லை. படத்துக்கு மனிதன் வேறு என்ன பதில் போட முடியும்? பண்டிகை அன்று காலையில் அந்த ஐயாவின் போனுக்கு அதேமாதிரி நாற்பது படங்கள் வந்திருக்கும், நாற்பதுக்கும் கட்டைவிரல் ஒரே கும்பிடைத்தான் போட்டிருக்கும். வாழ்த்து பேச்சுக்கு வாசலைத் திறந்து கொடுக்கிறது, உண்மைதான், ஆனால் உள்ளே போக ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரி அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

அடுத்து வந்தது பிள்ளையார் நோன்பு. வெளியூர் வாசகர்களுக்காக: திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் நகரத்தார் வீடுகளில் எடுக்கிற நோன்பு. மாவைப் பிடித்து, 21 இழை நூலைத் திரியாக வைத்து, நெய்யில் ஏற்றி, வீட்டுப் பெரியவர் கொடுக்க, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இதற்கு இழை எடுப்பது என்று பெயர்.

நம் வங்கிக்காரருக்கு இது வீட்டுக்கார ஆச்சி சொல்லித்தான் தெரியும். அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, செய்தி அனுப்பினால் என்ன நடக்கும் என்று முதலில் எழுதச் சொன்னேன். "பார்த்துவிட்டுப் பதில் போட மாட்டார், பத்துக்கு எட்டு" என்று எழுதினார். பிறகு, ஐந்தே நிமிடத்தில் செய்தி எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பதற்றம் உள்ளவர்கள் ஒரு செய்தியை முக்கால் மணி நேரம் திருத்துவார்கள், திருத்தத் திருத்த அதில் இருந்த ஆள் மறைந்து வாழ்த்து அட்டை மட்டும் மிஞ்சும். அவர் அனுப்பியது இது:

"நோன்பு வாழ்த்துகள் ஐயா. எங்கள் ஊர்ப் பக்கம் இது கிடையாது, ஆச்சி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். சுடரோடு எடுத்துக்கொள்ளும்போது வாய் சுடாதா?"

மூன்று சிறு வாக்கியம். யார் சொல்லித் தெரிந்தது என்பதும் அதில் இருக்கிறது, அது முக்கியம், இல்லையென்றால் 'இவனுக்கு எப்படித் தெரியும்' என்று எதிராளி யோசிப்பார். கேள்விக்கு ஒரு வரியிலும் பதில் சொல்லலாம், ஒரு கதையாகவும் சொல்லலாம். நேரமில்லாதவருக்கு ஒரு வரி போதும், சங்கடமில்லை.

இரவு எட்டரைக்கு இரண்டு நிமிட வாய்ஸ் நோட் வந்தது. வாயை மூடினால் நெருப்பு தானாக அணைந்துவிடும், பயந்தவன்தான் சுட்டுக்கொள்வான், சின்ன வயதில் தான் அழுது அடம்பிடித்தது, எல்லாம். கடைசியில், "நீங்க எந்த ஊரு தம்பி?"

நம்மவர் என்ன செய்தார் தெரியுமா, "நன்றி ஐயா, திருவண்ணாமலை" என்று போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்! பதில் வந்த சந்தோஷத்திலேயே ஓடிவிடுவது இவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. நல்லவேளை, ஐயா விடவில்லை. "அட, உங்க ஊரு தீபத்தன்னைக்குத்தான் எங்க நோன்புக் கணக்கே ஆரம்பிக்குது" என்றார். அப்புறம்தான் இவர், தீபத்தன்று மலையைச் சுற்றக் கூடும் கூட்டத்தைப் பற்றி எழுதி, நீங்கள் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: எதிராளி சொன்னதையே பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கிறவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது. புதிதாக ஒரு கேள்வியைத் தேட வேண்டாம், அவர் வாயிலிருந்து வந்ததிலேயே இருக்கும்.

மறுவாரம் தாளை எடுத்து, எட்டு என்று எழுதியதைக் காட்டினேன். சிரித்தார். முதல் சந்திப்புக்குப் பிறகு எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2018இல் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் ஆய்வைச் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள், அவர்கள் கையெழுத்தில் இருந்தால் நம்புவார்கள். அதனால்தான் தாள்.

எல்லாமே இப்படி முடிவதில்லை. "நன்றி" என்று மட்டும் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், இன்னொரு கேள்வி போட்டால் அது துரத்தல். அடுத்த பண்டிகைக்கு ஒருமுறை பார்க்கலாம், அப்போதும் "நன்றி"தான் என்றால் அவருக்குப் பேச விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். புதிதாகத் தெரிந்த பெண்ணுக்கு ஓர் ஆண் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவது வேறு பொருள் தரும். அனுப்புகிறவர் எவ்வளவு நல்லவர் என்பது அங்கே கணக்கில் வராது. பகலில், எல்லோரும் இருக்கும் இடத்தில் நேரில் சொல்லலாம்.

இன்னொன்று, கேதம் நடந்த வீடு. அந்த வருடம் அவர்களுக்குப் பண்டிகை இல்லை. தெரியாமல் வாழ்த்து அனுப்பி, "இந்த வருசம் எங்களுக்கு இல்லைங்க, அப்பா தவறிட்டாங்க" என்று பதில் வந்த ஒரு பெண் அந்தத் தோழியின் முகத்தை மூன்று மாதம் பார்க்கவில்லை. தப்பு வாழ்த்தில் இல்லை, அதற்குப் பிறகு காணாமல் போனதில். "தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க. அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று அன்றைக்கே கேட்டிருந்தால், பலருக்கு அந்தப் பேச்சுதான் தேவையாக இருந்திருக்கும். பிறகு நேரில் கேட்டார், தோழி அரை மணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசினாராம்.

பிறந்தநாளில் நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அறுபதைத் தாண்டிய பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் சான்றிதழில் இருக்கும், ஃபேஸ்புக்கும் அதைத்தான் காட்டும். வீட்டில் கொண்டாடுவதோ நட்சத்திரத்துக்கு. நம் வங்கிக்காரர் ஜூன் மாதத்தில் ஐயாவுக்கு வாழ்த்துச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டார்.

"அது வாத்தியார் பொறந்தநாளு தம்பி, என்னுது இல்லை" என்றாராம்.

இந்த முறை அவர் போனைக் கவிழ்க்கவில்லை. "அப்ப உங்களுது எப்ப ஐயா?" என்று கேட்டிருக்கிறார். சித்திரையில் ஏதோ நட்சத்திரம், தன் வீட்டு ஆச்சிக்குத்தான் சரியாகத் தெரியும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளையே கேட்டுக்கொள் என்று பதில் வந்திருக்கிறது. போனாரா என்று கேட்டேன். போனாராம், வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டாராம், நட்சத்திரத்தைக் கேட்க மறந்துவிட்டாராம்.