சொல் விளக்கம்: சிறு சைகை மாதிரி

மின்னணுவியல் வகுப்பில் ‘ஸ்மால் சிக்னல் மாடல்’ என்று சொல்வதைத் தமிழில் சிறு சைகை மாதிரி என்கிறோம். இதில் ‘சிறு’ என்ற சொல்லைப் பெரும்பாலும் யாரும் நின்று பார்ப்பதில்லை. எதோடு ஒப்பிட்டுச் சிறியது? எவ்வளவு வரை சிறியது? பொது உமிழ்ப்பான் பெருக்கியின் மின்னழுத்தப் பெருக்கமும் உள்ளீட்டு மின்தடையும் இந்தக் கேள்விக்கான விடையிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் மற்ற சொற்களைப் பார்த்துவிடுவோம். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களை நம் பாடநூல்கள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்கின்றன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் செய்த முதல் டிரான்சிஸ்டரில் ஜெர்மானியத் துண்டுதான் அடித்தளம். அதன்மேல் இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன. ‘பேஸ்’ என்ற பெயர் அப்படி வந்தது. இன்றைய டிரான்சிஸ்டரில் அந்தப் பகுதி நடுவே மெல்லிய அடுக்காக இருந்தாலும் பெயர் மாறவில்லை, தமிழிலும் ‘அடி’ நிலைத்துவிட்டது. உமிழ்தலுக்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘காலல்’ என்று எழுதும். கால்தல் என்றால் கக்குதல், வெளிவிடுதல். பழைய நல்ல வினைச்சொல் அது.

‘பொது உமிழ்ப்பான்’ என்பதில் உள்ள ‘பொது’, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உமிழ்ப்பான் பொதுவான முனை என்பதைச் சொல்கிறது. நேர்மின்னோட்டத்துக்கு உமிழ்ப்பானுக்கும் தரைக்கும் நடுவே RE என்ற ஒரு மின்தடை இருக்கலாம். சைகைக்கு மட்டும் அது நேரே தரையோடு சேர்ந்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது உமிழ்ப்பானில் வைக்கும் பைபாஸ் மின்தேக்கி.

சரி, ‘சிறு’வுக்கு வருவோம். அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஏற்பான் மின்னோட்டம் அடுக்குக்குறி விதிப்படி ஏறும். அந்த அடுக்குக்குறியில் வகுக்கும் எண்ணாக நிற்பது வெப்ப மின்னழுத்தம் VT. அறை வெப்பநிலையில் அது சுமார் 25 மில்லிவோல்ட். நம் சைகை இந்த 25 மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாக இருக்கும்போது மட்டுமே அந்த வளைகோட்டின் சிறு துண்டை நேர்கோடாக எடுத்துக்கொள்ளலாம். ‘சிறு’ என்பதன் அளவுகோல் இதுதான். பேட்டரியின் 12 வோல்ட்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

அந்த நேர்கோட்டின் சாய்வுக்குப் பரிமாற்றுக் கடத்துத்திறன் என்று பெயர், குறியீடு gm. ஓரிடத்தில் கொடுத்த மின்னழுத்தம் வேறிடத்தில் எவ்வளவு மின்னோட்டத்தை எழுப்புகிறது என்பதை அது சொல்லும். வெற்றிடக் குழாய்க் காலத்துச் சொல் இது. ‘டிரான்சிஸ்டர்’ என்ற பெயரை அதே பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் பரிந்துரைத்தபோதும் இந்தச் சொற்குடும்பம்தான் அவர் மனதில் இருந்தது. அடுக்குக்குறிச் சார்பை வகையிட்டால் அதே சார்பு VT ஆல் வகுபட்டு வரும். ஆகவே gm என்பது சைகை இல்லாதபோது ஓடும் ஏற்பான் மின்னோட்டம் IC ஐ VT ஆல் வகுத்த எண்.

அடிவாய் மின்னோட்டம் ஏற்பான் மின்னோட்டத்தில் β இல் ஒரு பங்கு. அதனால் அடிவாயிலிருந்து உள்ளே பார்த்தால் தெரியும் மின்தடை rπ, β ஐ gm ஆல் வகுத்த அளவு. அவ்வளவுதான் மாதிரி: அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் நடுவே rπ, ஏற்பான் பக்கம் gm·vbe அளவுள்ள மின்னோட்ட மூலம். vbe என்பது அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே வரும் சைகை மின்னழுத்தம்.

இனி சுற்றை மாற்றி வரைய வேண்டும். மின்கலத்தின் மின்னழுத்தம் சைகையால் மாறுவதில்லை. மாறாத புள்ளி சைகையின் கணக்கில் தரையே. மின்தேக்கிகள் நம் அதிர்வெண்ணில் வெறும் கம்பி. அப்போது ஏற்பான் மின்தடை RC, சுமை RL இரண்டும் பக்க இணைப்பாகத் தரைக்குப் போகும். அடிவாயை மின்கலத்தோடு இணைக்கும் R1, தரையோடு இணைக்கும் R2 இரண்டும் rπ உடன் பக்க இணைப்பாகும். மின்னோட்ட மூலம் ஏற்பானிலிருந்து மின்னோட்டத்தை இழுப்பதால் வெளியீடு கீழே இறங்கும். எதிர்க்குறி அங்கிருந்து வருகிறது.

```
gm  = IC / VT
rπ  = β / gm
Av  = −gm (RC ∥ RL)
Rin = R1 ∥ R2 ∥ rπ
```

ஒரு சுற்றை எடுத்துப் பார்ப்போம். BC547B டிரான்சிஸ்டர், 12 வோல்ட், R1 47 கிலோ ஓம், R2 10 கிலோ ஓம், RC 3.3 கிலோ ஓம், RE 1 கிலோ ஓம், சுமை 10 கிலோ ஓம். β 200 என்று வைத்தால் ஏற்பான் மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர் அளவில் வரும். gm 0.056 சீமென்ஸ், rπ சுமார் 3.6 கிலோ ஓம். RC, RL பக்க இணைப்பு 2.48 கிலோ ஓம் என்பதால் பெருக்கம் −139. உள்ளீட்டு மின்தடை 2.5 கிலோ ஓம்.

இங்கே கவனிக்க வேண்டியது, பெருக்கத்தின் சூத்திரத்தில் β இல்லவே இல்லை. உள்ளீட்டு மின்தடையில்தான் அது வருகிறது. BC547B இல் β 200 முதல் 450 வரை இருக்கலாம். 450 உள்ள ஒன்றை மாட்டினால் பெருக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், உள்ளீட்டு மின்தடை மட்டும் 4 கிலோ ஓம் வரை ஏறும். சைகை தரும் மூலத்தில் 1 கிலோ ஓம் மின்தடை இருந்தால் இது வெளியே தெரியும். β 200 உள்ளதில் சைகையின் 71 சதவீதம்தான் அடிவாய்க்கு வந்து மொத்தப் பெருக்கம் 99 ஆகக் குறையும், 450 உள்ளதில் சுமார் 111 கிடைக்கும்.

இப்போது ‘சிறு’ என்ற எல்லையை மீறிப் பார்ப்போம். அடிவாயில் நேரடியாக 10 மில்லிவோல்ட் உச்சமுள்ள சைன் அலை கொடுத்தால், சூத்திரம் இரு பக்கமும் 1.4 வோல்ட் என்று சொல்லும். உண்மையில் மின்னோட்டம் ஒரு பக்கம் 49 சதவீதம் ஏறி மறுபக்கம் 33 சதவீதம்தான் இறங்கும். வெளியீடு கீழே 1.7 வோல்ட், மேலே 1.15 வோல்ட். ஆசிலாஸ்கோப்பில் கீழ்முனை கூர்மையாகவும் மேல்முனை மழுங்கியும் தெரியும். ஏற்பான் 7.4 வோல்ட்டில் நிற்கிறது, இருபுறமும் இடம் தாராளமாக இருக்கிறது, ஆகவே மின்வழங்கியைக் குறை சொல்ல முடியாது. சைகையின் இருமடங்கு அதிர்வெண்ணில் தோன்றும் இரண்டாம் இசைத் திரிபு 10 சதவீதத்தை ஒட்டி வரும். 1 மில்லிவோல்ட்டில் அது 1 சதவீதம்தான்.

அப்புறம் இன்னொரு பிழை. பெருக்கம் 139 எதிர்பார்த்த இடத்தில் 2.4 தான் வருகிறது, அலை மட்டும் துல்லியமாக இருக்கிறது என்றால் பைபாஸ் மின்தேக்கியைப் பாருங்கள். அது கழன்றிருந்தாலோ உலர்ந்திருந்தாலோ சைகைக்கு உமிழ்ப்பான் பொது முனையாக இருக்காது. RE மாதிரிக்குள் நுழைந்து, அடிவாயில் தெரியும் மின்தடை rπ + (β+1)RE, அதாவது 200 கிலோ ஓமுக்கு மேல் ஆகிவிடும். பெருக்கம் ஏறக்குறைய (RC ∥ RL)/RE என்ற விகிதத்துக்குச் சுருங்கும்.

உள்ளீட்டு மின்தடையை அளந்து சரிபார்ப்பது எளிது. மூலத்தின் சொந்த மின்தடை 50 ஓம் போலக் குறைவாக இருந்தால், உள்ளீட்டோடு தொடரில் ஒரு மாறு மின்தடையை வைத்து வெளியீடு பாதியாகும் வரை திருப்புங்கள். அங்கே மாறு மின்தடை காட்டும் ஓம் அளவே Rin. சைகை 1 மில்லிவோல்ட் அளவில் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் மாதிரி சொல்லும் எண்ணும் அளவீடும் ஒத்துப்போகாது.