அடையாள எண்களை என்கிரிப்ட் செய்யும்போதே சாவியை மாற்றவும் வழி வையுங்கள்

டேட்டாபேஸ்களின் பாதுகாப்பைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அடையாள எண் இருக்கும் நெடுவரிசையை என்கிரிப்ட் செய்துவிட்டதாகச் சொல்லும் குழுக்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தச் சாவி இன்று இரவு வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம், நாளை காலை என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் "புதுச் சாவி போடுவோம்" என்று பதில் வரும். சரி, பழைய சாவியால் பூட்டிய பதிவுகள் எவை, புதுச் சாவியால் பூட்டியவை எவை என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். என்கிரிப்ட் செய்வதற்கு நல்ல லைப்ரரிகள் இருக்கின்றன. சாவியை மாற்றும் வழியை மட்டும் டேபிளை வடிவமைக்கும்போதே நாம்தான் யோசித்து வைக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்தே பேசலாம். `customers` என்று ஒரு டேபிள், அதில் 20 லட்சம் பதிவுகள், ஒவ்வொன்றிலும் 12 இலக்க அடையாள எண். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். டிஸ்க் முழுவதும் ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. ஆனால் டிஸ்கைக் கழற்றி எடுத்துப் போகிறவனிடமிருந்து மட்டுமே அது காப்பாற்றும். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் வழியாக உள்ளே வருகிறவனுக்கும், டேட்டாபேஸ் கணக்கின் கடவுச்சொல் கிடைத்தவனுக்கும் எல்லா எண்களும் அப்படியே தெரியும். அதனால்தான் நெடுவரிசை அளவில் தனியாக என்கிரிப்ட் செய்கிறோம். அதையும் டேட்டாபேஸுக்குள் செய்யாமல் அப்ளிகேஷனில் செய்வதே நல்லது. `pgcrypto` மாதிரியான வசதியைப் பயன்படுத்தினால் சாவியே எஸ்.க்யூ.எல். வாக்கியத்தோடு டேட்டாபேஸ் சர்வருக்குப் போகிறது. கவனமில்லாமல் விட்டால் லாக் ஃபைலிலும் அது பதிவாகிவிடும்.

என்கிரிப்ட் செய்ய `AES-256-GCM` போதும். ஒவ்வொரு முறையும் 12 பைட் நான்ஸ் ஒன்றை, அதாவது ஒரு தடவை மட்டுமே பயன்படுத்தும் மதிப்பை, புதிதாக எடுக்க வேண்டும். வெளிவருவதில் 16 பைட் டேக் ஒன்றும் இருக்கும். யாராவது நடுவில் ஒரு பிட்டை மாற்றியிருந்தாலும் டிகிரிப்ட் செய்யும்போது அந்த டேக் காட்டிக்கொடுத்துவிடும். இதுவரை எல்லோரும் செய்வதுதான். பலர் விடுவது அடுத்த படியை. மறையாக்கிய மதிப்பை அப்படியே சேமிக்காமல், அதன் தலையில் எந்தச் சாவி என்று எழுதிவைக்க வேண்டும்:

```
வடிவம் (1) | சாவி எண் (2) | நான்ஸ் (12) | மறையுரை (12) | டேக் (16)
```

மொத்தம் 43 பைட். முதல் பைட் இந்த அமைப்பின் வடிவ எண். நாளை அல்காரிதத்தையே மாற்ற வேண்டி வந்தால் அது உதவும். அடுத்த 2 பைட் சாவியின் வரிசை எண். டிகிரிப்ட் செய்யும் ஃபங்ஷன் முதலில் அதைப் படித்து, அந்த எண்ணுக்குரிய சாவியை எடுக்கிறது. இந்த 3 பைட் இல்லாத டேபிளில் சாவியை மாற்ற வேண்டுமானால், ஒரு சாவியால் முயன்று தோற்று அடுத்த சாவியால் முயல வேண்டும், இல்லாவிட்டால் சேவையை நிறுத்திவிட்டு 20 லட்சம் பதிவுகளையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். முதல் நாளே இந்த 3 பைட்டை வைத்துவிட்டால் இரண்டும் வேண்டாம்.

சாவிகள் இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. வழக்கமான அமைப்பில் டேட்டாவைப் பூட்டுவது ஒரு டேட்டா சாவி. அந்த டேட்டா சாவியைப் பூட்டிவைக்க, சாவி மேலாண்மைச் சேவைக்குள் ஒரு தலைமைச் சாவி இருக்கும். கிளவுட் சேவைகளில் "தானாகச் சாவி மாற்று" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு, சாவி வருடாவருடம் மாறிவிடுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறுவது தலைமைச் சாவி மட்டும்தான். டேபிளில் இருக்கும் 20 லட்சம் எண்களும் அதே பழைய டேட்டா சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கும். அப்ளிகேஷன் சர்வரின் மெமரியிலிருந்து டேட்டா சாவி கசிந்திருந்தால் அந்தப் பொத்தானால் ஒரு பயனும் இல்லை. பதிவுகளைப் புதுச் சாவியால் மறுபடி என்கிரிப்ட் செய்தே ஆக வேண்டும்.

அதற்கு ஒரு வரிசை முறை இருக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது. சாவி எண் 1 ஓடிக்கொண்டிருக்கிறது, 2 வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 2-ஐ எல்லா அப்ளிகேஷன் சர்வர்களுக்கும் படிப்பதற்கு மட்டும் என்று கொடுங்கள். எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே எழுதும் சாவியை 2-க்கு மாற்றுங்கள். இந்த இரண்டையும் ஒரே வெளியீட்டில் சேர்த்தால், புது சர்வர் ஒன்று 2-ஆம் சாவியால் எழுதிய பதிவை, இன்னும் புதுப்பிக்காத பழைய சர்வரால் படிக்க முடியாது. சில கோரிக்கைகள் தோற்கும், சில வெற்றி பெறும், மறுபடி முயன்றால் சரியாகும். இப்படி விட்டுவிட்டு வரும் பிழையைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் பழைய பதிவுகள். பின்னணியில் ஓடும் ஒரு வேலை, டேபிளின் `id` வரிசையில் 500 பதிவுகளாக எடுத்து, 1-ஆல் திறந்து 2-ஆல் பூட்டி எழுதுகிறது. 20 லட்சத்துக்கு 4,000 சுற்றுகள். சுற்றுக்கு நடுவே ஒரு நொடி ஓய்வு கொடுத்தாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் எடுப்பது என்கிரிப்ஷன் அல்ல, டிஸ்கில் எழுதுவதுதான். இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. இந்த வேலை ஒரு பதிவைப் படித்துவிட்டு எழுதுவதற்குள், வாடிக்கையாளர் ஒருவர் தன் எண்ணைத் திருத்தியிருக்கலாம். அப்போது நம் வேலை அவருடைய திருத்தத்தை அழித்துப் பழைய எண்ணையே திரும்ப எழுதிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. தடுப்பது எளிது:

```sql
UPDATE customers SET id_enc = :new_blob
WHERE id = :id AND id_enc = :old_blob;
```

நடுவில் யாராவது மாற்றியிருந்தால் இந்த வாக்கியம் எதையும் தொடாது. பரவாயில்லை, மாற்றியவர் ஏற்கெனவே 2-ஆம் சாவியால்தான் எழுதியிருப்பார்.

வேலை முடிந்ததா என்பதை அந்த வேலையின் லாகை நம்பிச் சொல்லாதீர்கள். டேபிளையே கேளுங்கள்:

```sql
SELECT get_byte(id_enc,1)*256 + get_byte(id_enc,2) AS key_no,
       count(*)
FROM customers GROUP BY 1;
```

1 என்ற வரியே வராமல் போனால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

இனி, பலரும் யோசிக்காமல் விடும் பகுதிக்கு வருவோம். அடையாள எண்ணை வைத்து ஒருவரைத் தேட வேண்டியிருக்கும், ஒரே எண்ணில் இரண்டு பேர் பதிவாகாமலும் தடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்ஸ் மாறுவதால் ஒரே எண் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மதிப்பாகத்தான் பூட்டப்படும். அதை வைத்துத் தேட முடியாது. அதனால் பக்கத்தில் ஒரு தேடல் நெடுவரிசை வைக்கிறோம். இங்கே சிலர் வெறும் `SHA-256` ஹேஷ் போட்டுவிடுகிறார்கள். 12 இலக்கத்தில் வரக்கூடிய எண்கள் மொத்தம் 10^12, அதாவது ஒரு லட்சம் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. நொடிக்கு நூறு கோடி ஹேஷ் கணக்கிடும் ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு அத்தனையையும் 1,000 நொடியில், அதாவது 17 நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடும். இன்றைய கார்டுகள் அதைவிட வேகமானவை. பக்கத்து நெடுவரிசையை எவ்வளவு பலமாகப் பூட்டியிருந்தாலும் இந்த வழியாக எல்லா எண்களும் வெளியே வந்துவிடும். எனவே ரகசியச் சாவி ஒன்றைச் சேர்த்து `HMAC-SHA256` போட வேண்டும். அந்தச் சாவி, என்கிரிப்ட் செய்யும் சாவியிலிருந்து வேறாக இருக்க வேண்டும். கணக்கிடும் முன் எண்ணிலிருக்கும் இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்கி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே எண்ணுக்கு இரண்டு மதிப்புகள் வரும்.

இந்தத் தேடல் சாவியும் ஒருநாள் கசியலாம், இதையும் மாற்ற வேண்டிவரும். இதை மாற்றுவது மற்றதைவிடக் கடினம். என்கிரிப்ட் நெடுவரிசையில் பழைய சாவியும் புதுச் சாவியும் கலந்து இருக்கலாம், தலையில் இருக்கும் எண் பிரித்துச் சொல்லிவிடும். தேடல் நெடுவரிசையில் அப்படிக் கலக்கவே கூடாது. ஒருவரின் எண் பழைய சாவியால் பதிவாகியிருக்கிறது. அதே எண்ணோடு இன்னொரு பதிவு புதுச் சாவியால் வருகிறது. இரண்டு மதிப்புகளும் வேறு வேறு. டேட்டாபேஸின் `UNIQUE` கட்டுப்பாடு இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு தடவை பதிவானது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

சரியான வழி, புது நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பதுதான். `id_bidx_1` இருக்கட்டும், பக்கத்தில் `id_bidx_2` வரட்டும். புதிதாக எழுதும் ஒவ்வொரு பதிவிலும் இரண்டையும் நிரப்புங்கள். தேடலும் `UNIQUE` கட்டுப்பாடும் அதுவரை முதலாவதிலேயே இருக்கட்டும், ஏனென்றால் அது மட்டும்தான் முழுமையாக நிரம்பியது. பின்னணி வேலை பழைய பதிவுகளின் எண்ணை டிகிரிப்ட் செய்து இரண்டாவதை நிரப்பும். ஒரு பதிவும் காலியாக இல்லை என்று ஆன பிறகு இரண்டாவதில் `UNIQUE` இன்டெக்ஸ் கட்டி, தேடலை அங்கே மாற்றி, கடைசியில் முதலாவதை நீக்குங்கள். என்கிரிப்ட் செய்த எண் கையில் இருப்பதால்தான் இது முடிகிறது. எண்ணை வைத்துக்கொள்ளாமல் `HMAC` மதிப்பை மட்டும் சேமித்திருந்தால், புதிய மதிப்பைக் கணக்கிட மூல எண் நம்மிடம் இருக்காது. வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் மறுபடி கேட்பதைத் தவிர நல்ல வழி கிடையாது.

டேபிளில் 1-ஆம் சாவி பூஜ்ஜியம் ஆனதும் அதை அழித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். நேற்றைய பேக்கப்பில் இருக்கும் பதிவுகளைத் திறக்க அதே சாவிதான் வேண்டும். பேக்கப்பை 90 நாள் வைத்திருப்பது உங்கள் வழக்கம் என்றால், கடைசிப் பதிவு மாறிய நாளிலிருந்து அந்த 90 நாளும் பழைய சாவி இருக்க வேண்டும். ஆனால் அப்ளிகேஷன் சர்வர்களிலிருந்து அதை உடனே எடுத்துவிடலாம். பேக்கப்பை மீட்கும்போது மட்டும் இரண்டு பேர் ஒப்புதலோடு திறக்கும்படி சாவி மேலாண்மைச் சேவையில் வைத்தால் போதும். கசிந்த சாவி என்றால் பழைய பேக்கப்புகளும் ஆபத்தில்தான் இருக்கின்றன. அவற்றை யார் யார் எடுக்க முடியும் என்பதை அன்றே குறைத்துவிடுங்கள். 91-ஆம் நாள் சாவியை அழிக்கும் முன், இருப்பதிலேயே பழைய பேக்கப் ஒன்றைத் தனி சர்வரில் மீட்டு, மேலே சொன்ன எண்ணிக்கை வாக்கியத்தை அங்கேயும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் 1 வரவில்லை என்றால் அழித்துவிடலாம்.